ஆறு பேர் வேண்டும்

அந்த மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தோரு வருஷமாக வேலை பார்ப்பவள் அவள். ஒன்பது பேரில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அக்கா. கணவர் போனபின் வீட்டில் அவளும் பத்தாவது படிக்கும் மகளும்தான்.

இனி இரவுப் பணிக்கு ஒருவர் அல்ல, இருவர் என்று பேச்சு வந்தது. புது ஆள் கிடையாது. மாதம் மூன்று நாலு இரவு என்பது ஏழாகும். மேலாளரைப் பார்க்கப் போனாள். எல்லோரும் அவரோடு உட்கார்ந்து பேச அவர் உதவியாளர் அடுத்த வாரம் மூன்று நேரம் சொன்னார்: செவ்வாய் காலை எட்டு, புதன் மதியம் இரண்டு, வியாழன் மாலை ஐந்து.

"ஆறு பேராவது வரணும்மா. எந்த நேரம்னு வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க."

திங்கள் காலையே கூடத்து வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பைப் போட்டாள். வரமுடிகிற எல்லா நேரத்தையும் தொடலாம் என்று அமைத்தாள். 'வெள்ளி பன்னிரண்டு மணிக்குள்' என்பதைத் தனிச் செய்தியாக அனுப்பினாள். வாக்கெடுப்போடு சேர்த்து எழுதியிருக்க வேண்டும். மத்தியானமே யாருக்கோ பிறந்தநாள். வாழ்த்து மேல் வாழ்த்தாக வந்து கெடு எங்கோ மேலே புதைந்தது.

வியாழன் வரை அவளோடு சேர்த்து ஐந்து பேர்தான் தொட்டிருந்தார்கள். புதனுக்கு நாலு, செவ்வாய்க்கு மூன்று, வியாழனுக்கு ஒன்று. ஒருத்தி விடுப்பில். மீதி மூவரையும் நேரில் கேட்டாள். முதலில் ரத்தம் எடுப்பவனை; எல்லோரும் அவனை ஊசி என்பார்கள்.

"எனக்கு எதுன்னாலும் ஓகேக்கா."

"அப்ப மூணையும் தொடுப்பா. அது போதும்."

"தொட்டுடறேன்க்கா."

மற்ற இருவரும் அதையேதான் சொன்னார்கள். எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் தொடவில்லை.

வெள்ளி பன்னிரண்டரைக்கு அவளே அந்த மூவரையும் போனில் அழைத்தாள். ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் பிறகு பேசுவதாகச் சொன்னார். ஊசி வார்டில் இருந்தான். ஒன்றே முக்காலுக்கு மாதிரிக் குழாய்கள் ஒரு தட்டு நிறைய வந்தன. அவசரம் என்று எழுதியிருந்தது. அவற்றை முடித்துக் கைகழுவியபோது மூன்று மணி.

"நேரத்தை வேற பிரிவுக்குக் கொடுத்தாச்சும்மா," என்றார் உதவியாளர். "நாலு பேரு வர்றதா இருந்தாலும் பேசியிருக்கலாம்னு சார் சொன்னாரு. ஆனா யாருமே சொல்லலையே."

நாலு பேர் இருந்தார்கள். ஆறு ஆகட்டும் என்று அவள் காத்திருந்துவிட்டாள்.

திங்கட்கிழமை பலகையில் அட்டவணை ஒட்டியிருந்தது. அவள் பெயருக்கு நேராக ஏழு இரவு.

"என்னக்கா இப்படிப் போட்டுட்டாங்க? மீட்டிங் எப்ப?" என்றான் ஊசி.

"முடிஞ்சிடுச்சுப்பா."

மாலை மகளிடம் தேதிகளைக் காட்டினாள். மகள் எண்ணிப் பார்த்தாள். அதில் இரண்டு, பரீட்சைக்கு முந்தின நாள்கள்.

"பரவாயில்லம்மா. கதவைப் பூட்டிட்டுப் படுத்துக்கறேன்."

இரண்டு தாழ்ப்பாளையும் போட்டுக் காட்டச் சொன்னாள். மேல்தாழ்ப்பாள் மகளுக்கு எட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். தாய் பார்த்துக்கொண்டு நின்றாள்.