திரும்பி வந்தது கம்பி மட்டும்

வாங்குகிறவர்களுக்கு அவள் ‘கர்ட்டன் அக்கா’. வீட்டு முன்னறையில் வெட்டு மேஜை, இரண்டு தையல் மிஷின், சுவரோரம் துணி ரோல்கள், ஜன்னலடியில் எடைக் கருவி. அளவு சொன்னால் தைத்து பார்சலில் அனுப்பிவிடுவாள். தைப்பதில் அவளுக்கு அலுப்பே வந்ததில்லை. அனுப்பிய பிறகு வருகிற போன்கள்தான் உயிரை வாங்கும்.

“மேடம், அந்தக் கலர் வேண்டாம்னு வீட்ல சொல்றாங்க. கேன்சல் பண்ணிடுங்க.”

“நேத்தே அனுப்பியாச்சே சார்.”

“என் கைக்கு இன்னும் வரலையே?”

“உங்க கைக்கு வரல, என் கையையும் விட்டுப் போயிடுச்சு. இப்ப அது லாரிக்காரர் கையில இருக்கு. அவர்கிட்ட போய் நான் எப்படி சார் கேன்சல்னு சொல்றது?”

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதைச் செய்வாள். கூரியர் கம்பெனியின் தளத்தில் பார்சல் எண்ணைப் போட்டு, திருப்பி அனுப்பும்படி கேட்பாள். பார்சல் அந்த ஊர்க் கிடங்கை விட்டு வெளியேறாமல் இருந்தால் நிறுத்திவிடுவார்கள். டெலிவரி வண்டியில் ஏறிவிட்டால் ஒரே வழிதான்: “வாசலுக்கு வந்தா வாங்காதீங்க சார், வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுங்க.” பெட்டி திரும்பி வந்து, பிரித்து, துணியை உதறிப் பார்த்த பிறகே பணம் போகும். இதெல்லாம் ரெடிமேட் அளவுக்கு. ஜன்னலை அளந்து வெட்டிய துணிக்குக் கேன்சலே கிடையாது. பட்டுத் தெரிந்துகொண்ட சட்டம் அது. யாருக்காகவும் அதை மாற்றியதில்லை, நாத்தனார் ஆர்டர் போடும்வரை.

நாத்தனார் புது வீட்டுக்கு மாறியிருந்தாள். ஆளுயர ஜன்னல்கள். சாம்பல் கலந்த பச்சையில் கனமான துணியைத் தேர்ந்தெடுத்தாள், கூடவே மாட்டுவதற்குக் கம்பிகளும். கம்பி நீளம் என்பதால் தனிப் பெட்டி, துணி வேறு பெட்டி. இரண்டையும் கூரியர்க்காரர் எடுத்துப்போன மறுநாள் போன் வந்தது.

“அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. இவர் ஃப்ரெண்ட் கடையில பாதி விலைக்குக் கிடைக்குதாம். கேன்சல் பண்ணிடுங்களேன்.”

“வெட்டித் தைச்சுட்டேனேம்மா. உன் ஜன்னல் அளவு வேற யாருக்கு ஆகும்?”

“என்ன அண்ணி, என்கிட்டயும் கடைக்காரி மாதிரி பேசறீங்க?”

சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். “அவ என்ன வெளியாளா? அழுறா.”

“வெளியாளா இருந்தா முடியாதுன்னு சொல்லி போனை வச்சிருப்பேங்க.”

அவள் மனசு இறங்கியதற்கு அவருடைய முகம் மட்டும் காரணமில்லை. ஒரு கிளினிக்கிலிருந்து அதே துணியைக் கேட்டிருந்தார்கள். மில்லில் அந்த நிறத்தை நிறுத்திவிட்டார்கள், அவளிடமும் ரோல் தீர்ந்துபோயிருந்தது. கிளினிக்கின் ஜன்னல்கள் குட்டை. நாத்தனாரின் துணி திரும்பி வந்தால் அடியில் வெட்டி, மடித்துத் தைத்து, கச்சிதமாகக் கொடுத்துவிடலாம். வீடுகளுக்குத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு நிறுவனத்தின் முதல் ஆர்டர். அது நன்றாக அமைந்தால் அவர்களுடைய மற்றக் கிளைகளும் வரும் என்று மேனேஜரம்மா வாயாலேயே சொல்லியிருந்தார். “வாரக் கடைசிக்குள்ள தந்துடறேன்” என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள்.

“சரி, நாத்தனார்ங்கறதுக்காக ஒத்துக்கறேன். ஆனா பெட்டி வந்து, நான் பிரிச்சுப் பார்த்த பிறகுதான் பணம்” என்றாள் வீட்டுக்காரரிடம்.

“நீயும் உன் சட்டமும்” என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

அன்றே கூரியர் தளத்தில் எண்ணைப் போட்டாள். அங்கேதான் சறுக்கியது. அவளிடமிருந்து போகிறவை எப்போதும் ஒற்றைப் பெட்டிகள். ஒரு ஆர்டருக்கு ஒரு எண் என்றே கை பழகிவிட்டது. இரண்டு பெட்டிக்கு இரண்டு எண், இரண்டையும் தனித்தனியாகத் திருப்பச் சொல்ல வேண்டும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. ரசீதில் மேலே இருந்த எண்ணைப் போட்டுவிட்டு, அடுத்த துணியை வெட்ட உட்கார்ந்துவிட்டாள். அது கம்பிப் பெட்டியின் எண்.

கடையின் ஆன்லைன் கணக்கும் கூரியர் தளத்தின் கணக்கும் வீட்டுக்காரரின் போனிலும் இருந்தன. பார்சல் அனுப்பியவரிடம் திரும்பி வருகிறது என்று ஒரு தகவல் வந்ததும், ஆபீசில் இருந்தபடியே தங்கைக்கு முழுப் பணத்தையும் அனுப்பிவிட்டார். அதே மதியம் வாசலில் நீளமான பெட்டி ஒன்று வந்து இறங்கியது. கையெழுத்துப் போட்டவள், இன்னொன்று எங்கே என்று கூரியர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ரசீதைத் தேடி இரண்டாவது எண்ணைப் போட்டுப் பார்த்தாள். டெலிவரி ஆகிவிட்டது. பெற்றுக்கொண்டவர்: நாத்தனார்.

“ஆமா அண்ணி, வந்துச்சு. நான் கேன்சல்னு சொன்னேன், நீங்கதான் அனுப்பிட்டீங்க.”

“வாசல்லயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமேம்மா?”

“பெட்டியில உங்க பேரைப் பார்த்ததும், சரி, அண்ணி ஆசையா அனுப்பியிருக்காங்கன்னு நெனச்சுட்டேன். மாட்டியும் பார்த்துட்டேன். அந்த ஃப்ரெண்ட் கடையில கம்பி மட்டும் வாங்கினேன். என்ன அழகா விழுது தெரியுமா!”

“பணம் வந்துச்சா?”

“அண்ணன் போட்டுட்டாரே.”

“அப்ப துணியைக் கழட்டி மடிச்சு வை. நாளைக்கு ஆள் வருவாரு. எனக்கு அது அவசரமா வேணும், வேற ஒருத்தருக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்.”

“நான் மாட்டினதைக் கழட்டி இன்னொருத்தருக்கா? நல்லாயிருக்கு அண்ணி.”

எந்த வாடிக்கையாளருக்கும் செய்வதுபோல, நாத்தனார் வீட்டிலிருந்து பார்சல் எடுத்துவரும்படி கூரியரில் பதிவு செய்தாள். மறுநாள் மத்தியானம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே தைத்தாள். ஒரு விளிம்பு கோணலாகிப் பிரித்துத் தைக்க வேண்டியிருந்தது. ஆள் வரவில்லையே என்று கூரியர் ஆபீசுக்குப் போன் செய்தாள்.

“அந்தப் பிக்கப்பைக் கேன்சல் பண்ணிட்டீங்களே மேடம்.”

“நானா?”

“உங்க அக்கவுண்ட்ல இருந்துதான். காலையில, எங்க ஆள் கிளம்பறதுக்கு முன்னாடியே.”

சாயங்காலம் கேட்டபோது வீட்டுக்காரர் மறைக்கவில்லை. “நான்தான் பண்ணேன். கூரியர்காரனை அனுப்பி என் தங்கச்சி வீட்டு ஜன்னலை உரிக்கறதா? ஊர் சிரிக்கும். வச்சுக்கோன்னு நானே சொல்லிட்டேன்.”

“அப்ப கிளினிக்குக்கு நான் என்ன சொல்றது?”

“வேற கலர் கொடு. துணிதானே.”

துணிதானே. அவர் போட்டிருந்த சட்டைகூட அந்தத் துணியில் வந்த காசுதான். அதைச் சொல்ல வாயெடுத்தவள், சொல்லிக்காட்டினாள் என்ற பேரும் சேர்ந்துகொள்ளும் என்று விழுங்கிவிட்டாள்.

கிளினிக் மேனேஜரம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம். “பரவாயில்லம்மா, வீட்ல இருந்து பண்றீங்க, கஷ்டம்தான். நாங்க வெளியில பார்த்துக்கறோம்” என்றார். மற்றக் கிளைகளைப் பற்றி அவரும் பேசவில்லை, இவளும் கேட்கவில்லை.

அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை. கடைக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினாள். வீட்டுக்காரர் போனில் இருந்ததை நீக்கினாள். கூரியர் தளத்திலும் அப்படியே. கம்பிகளைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். அவை எந்த ஜன்னலுக்கும் ஆகும், விற்றுவிடலாம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஏய், கடைக் கணக்கு உள்ளயே போக மாட்டேங்குது. பாஸ்வேர்டு என்ன?”

அவருடைய தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். குரலில் கோபமில்லை. வாங்குகிறவர்களிடம் பேசும் அதே இதமான குரல்.

“என்ன விவரம் வேணும்னு சொல்லுங்க. நான் பார்த்துச் சொல்றேன்.”