மிக்கேல் இல்லாத படம்

சண்முகப்ரியாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பாள். அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றி அரைமணி நேரமாகியும் அவள் அதைத் திரும்ப எடுக்கவில்லை.

விருத்தாசலத்தில் கதவும் கூரைத் தகடும் விற்கிற கடை அது. பதினோரு வருஷமாக அங்கே அவளுக்கு ஒரே வேலைதான். வாங்க வருகிறவர்களின் வீட்டைப் போட்டோ எடுத்து, கூரை என்ன நிறமானால் எப்படி இருக்கும், வாசலுக்கு எந்தக் கதவு பொருந்தும் என்று அந்தப் போட்டோவிலேயே மாற்றிக் காட்டவேண்டும். சாயங்கால வெயிலில் எடுத்தால் சாம்பல் தகடுகூட மஞ்சளாகத் தெரியும் என்று காலையிலேயே போய்விடுவாள். சுவரில் ஒரு வெள்ளைப் பேப்பரை ஒட்டிவைத்துத்தான் எடுப்பாள். பேப்பர் வெள்ளையாகத் தெரிகிறவரை படத்தின் நிறத்தைச் சரிசெய்வாள், பேப்பரின் அளவை வைத்து வாசலின் அகலத்தைக் கணக்குப் போடுவாள். கூரை ஓரத்தை மவுஸால் கோடு பிடித்து நிறத்தை மட்டும் மாற்றுவாள், நிழல் நிழலாகவே இருக்கும். கேட்டதைத் தவிர வேறு ஒரு செங்கல்லைத் தொடமாட்டாள்.

போன வாரம் கம்மாபுரம் பக்கம் இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்குப் போனபோது பேப்பரை ஒட்ட டேப் இல்லை. "குடும்மா, நான் புடிச்சுக்கிறேன்" என்று அந்தம்மாவின் புருஷன் மிக்கேல் வாசல் நிலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செராமிக் கம்பெனியில் மேலேயிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனவர். சக்கர நாற்காலியில், வாசலின் சிமெண்ட்டு சாய்தளத்தில் உட்கார்ந்தபடியே போட்டோவில் விழுந்தார்.

அதன்பிறகு ப்ரியா ரெண்டு நாள் லீவு. திரும்பி வந்தால், முதலாளி ராஜ்மோகன் பெருமையாக போனை நீட்டினார். புதுசாக ஒரு ஏ.ஐ. ஆப். போட்டோவைக் கொடுத்து, சிவப்புக் கூரை, பூ வேலைப்பாட்டு இரட்டைக் கதவு என்று சொன்னாராம். நிமிஷத்தில் படம் வந்துவிட்டதாம். இஞ்ஞாசியம்மாளும் பார்த்து ஓகே சொல்லியாயிற்று, தச்சுப் பட்டறைக்கு ஆர்டரும் போயாயிற்று.

படம் என்னவோ பளபளப்பாகத்தான் இருந்தது. ஆனால் சாய்தளம் எங்கே? அந்த இடத்தில் மூன்று படிக்கட்டு, ரெண்டு பூந்தொட்டி. பேப்பரும் இல்லை, மிக்கேலும் இல்லை. தான் எடுத்த போட்டோவின் மேல் அதை வைத்துப் பார்த்தாள். ஆப் படத்தில் வாசல் ரெண்டு பக்கமும் ஒரு சாண் சுவருக்குள் போய் அகலமாகியிருந்தது.

"சார், நிஜ வாசல்ல உள்பக்கம் மூணு அடிதான். ரெட்டைக் கதவு போட்டா ஒரு கதவு ஒன்றரை அடி. அவரு சேரு ரெண்டு அடிக்கு மேல. ரெண்டையும் தெறக்கணும்னா இன்னொண்ணோட தாழ்ப்பாளு உச்சியில இருக்கும். உக்காந்திருக்கிறவரு எப்படி எட்டுவாரு?"

"அந்தம்மா தெறந்து வுடும். படம்னா சும்மா மாதிரிதானே ப்ரியா!"

"அந்தம்மா காலையில வேலைக்குப் போனா பொழுது சாய்ஞ்சுதான் வரும். அதுவரைக்கும் அவரு உள்ளேயே கெடக்கணுமா? மாதிரியாம் மாதிரி! ஒரு மனுஷனையே அழிச்சிட்டு மாதிரிங்கிறீங்களே, நல்லா இருக்குதா உங்களுக்கே?"

கண்ணாடி போடாமலே கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். அதே பூ வேலைப்பாட்டில் ஒற்றைக் கதவு எடுத்து, தன் போட்டோவில் நிலையின் நாலு மூலைக்கும் இழுத்துப் பொருத்தினாள். கூரையைச் சிவப்பாக்கினாள். பழைய சாய்தளம், பேப்பர் பிடித்த மிக்கேல், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ராஜ்மோகனைக் கேட்காமலே இஞ்ஞாசியம்மாளுக்கு அனுப்பி, விஷயத்தையும் போனில் சொன்னாள். பட்டறைக்கும் பேசி மரத்தை அறுக்காமல் நிறுத்தச் சொன்னாள். "இது என் கடைம்மா" என்று ராஜ்மோகன் கத்தினார். கத்தட்டும்.

மதியம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. புருஷனைத் தூக்கிச் சேரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள் இஞ்ஞாசியம்மாள். "கூரை நெறத்தத்தான் பாத்தேன் சார். சின்ன போனு, எனக்கு ஒண்ணும் தெரியல. நீயாவது பாத்திருக்கக் கூடாதாய்யா?" என்று புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பாத்தேன்" என்றார் மிக்கேல்.

"பாத்துட்டா சும்மா இருந்தே?"

அவர் ராஜ்மோகனைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் இருந்த புதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வூடு அழகா தெரியணும்னு கடைக்காரங்களே என்னை எடுத்துட்டாங்கன்னு நெனச்சேன். செலவு பண்ணி நீ ஆசையா கட்டுற. அதுல நான் எதுக்கு குறுக்கன்னு வுட்டுட்டேன்."

இஞ்ஞாசியம்மாள் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்து அழுதாள். ராஜ்மோகன் போனை எடுத்தார். பட்டறைக்காரரிடம் ஒற்றைக் கதவு என்றார், தாழ்ப்பாள் இடுப்பு உயரத்தில் என்றார்.

ப்ரியா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.