பின் கதவில் ஒரு பொட்டு

கல்பனாவைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவளுடைய பொங்கலில் இருந்துதான் தொடங்க வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வெளியே வருகிறவனுக்குக் கேட்டைத் தாண்டியதும் முதலில் தெரிவது அவளுடைய குட்டியானை மினி லாரிதான். பின் கதவை இறக்கி அதன்மேல் அண்டாவை வைத்து, காலை ஆறு மணிக்கே நாஷ்டா கொடுக்க ஆரம்பித்துவிடுவாள். சமைப்பதும் அவள்தான், வண்டி ஓட்டுவதும் அவள்தான். வாயும் அவளுக்குக் கொஞ்சம் நீளம். சட்னி இன்னும் கேட்பவனிடம், "உன் ஊட்டுல இப்படிக் கேட்டுப் பாரேன்" என்பாள், கேட்டதைவிட அதிகமாகவே ஊற்றுவாள்.

நான் சின்னதுரை. கவரைப்பேட்டையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக அவள் வண்டிக்கு நான்தான் வைத்தியன். "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள், மற்றவர்கள் மாதிரி மேஸ்திரி என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வார்த்தைக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது வாரம், நெடுஞ்சாலையில் முன்னால் போன டிரெய்லர் திடீரென்று பிரேக் போட, இவள் வண்டி அதன் முதுகில் போய் மோதியது. அவளுக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. வண்டிக்கு பம்பர் போச்சு, ஒரு ஹெட்லைட் போச்சு, கண்ணாடியில் விரிசல், ரேடியேட்டரில் இருந்து தண்ணீர் கொட்டியது.

இந்த மாதிரி நேரத்தில் ஆம்பிளைகளே பதறி வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட்டி வந்து இன்ஜினையும் சேர்த்துக் கெடுத்துவிடுவார்கள். அந்தச் சேதத்தை இன்சூரன்ஸில் ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள். இவள் அப்படிச் செய்யவில்லை. நின்ற இடத்திலேயே நாலு பக்கமும் போட்டோ எடுத்தாள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு கிளெய்ம் நம்பர் வாங்கினாள். கயிறு கட்டி இழுத்துத்தான் என் பட்டறைக்குக் கொண்டு வந்தாள்.

"சேதம் பாக்க சர்வேயர் நாளைக்கு வர்றாராம்ணா. எதையும் கழட்டிடாத."

"எனக்கே பாடமா? நீ வண்டியக் கழுவாம இரு, அது போதும். அடி எப்படி பட்டிருக்கோ அப்படியே அவரு பாக்கணும்" என்றேன். ஆர்.சி., பாலிசி, எஃப்.சி., லைசென்ஸ் எல்லாவற்றின் அசலையும் நகலையும் எடுத்து வைக்கச் சொன்னேன். அதுவரை நான் யோக்கியன்தான்.

எஸ்டிமேட் எழுதும்போதுதான் கை அரித்தது. வண்டியின் பின் கதவில் ஒரு பழைய நசுங்கல் இருந்தது. கோடையில் சந்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தது. அதையும் எஸ்டிமேட்டில் சேர்த்தேன்.

"இது கோடையில ஆனதாச்சேண்ணா?" என்றாள்.

"எல்லாரும் போடறதுதான். பின்னால வந்த வண்டி ஒண்ணு தட்டிச்சுன்னு கிளெய்ம் பாரத்துல ஒரு வரி எழுதிடு. வர்றவரு உத்துப் பாக்கவா போறாரு?"

அவள் அந்த நசுங்கலை ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு எழுதினாள். அண்ணன் சொல்கிறானே என்று எழுதினாள்.

மறுநாள் சர்வேயர் வசந்தகுமார் வந்தார். காபி வேண்டாம் என்றார். முதலில் சேஸிஸ் நம்பர்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். லைசென்ஸில் தேதி பார்த்தார். கல்பனாவிடம் என்ன நடந்தது என்று கேட்டு, அவள் சொன்னதைப் பாரத்தோடு ஒப்பிட்டார். நம்பர் பிளேட் தெரிய ஒரு போட்டோ, அடிபட்ட ஒவ்வொரு இடத்துக்கும் தனி போட்டோ. பம்பர் மாற்றலாம், ஆனால் பிளாஸ்டிக் என்பதால் பாதிப் பணம்தான் கிடைக்கும் என்றார். ரேடியேட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறதோ, கழற்றிய பிறகு மறுபடி வந்து பார்ப்பதாகச் சொன்னார். கழற்றுகிற பழைய சாமான் ஒன்றையும் தூக்கிப் போடக் கூடாது என்றும் சொன்னார்.

பிறகு பின்பக்கம் போனார். விரலால் தூசியைத் துடைத்தார்.

நசுங்கலின் அடிக்குழியில், சந்தனத்தின்மேல் வைத்த குங்குமப் பொட்டு ஒன்று முழுசாக இருந்தது. ஆயுத பூஜைக்கு அவளே வைத்தது.

"ஆக்சிடென்ட் நேத்து. பொட்டு வச்சது அதுக்கு முன்னாடி. இப்பதான் நசுங்கிச்சுன்னா இந்தச் சந்தனம் வெடிச்சு உதிர்ந்திருக்கணும். ஓரத்துல துருவும் இருக்கு" என்றார். கத்தவில்லை. "இதை யாரு சேத்தது?"

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து ஸ்பேனர் தேடினேன். ஸ்பேனர் என் சட்டைப் பையில் இருந்தது.

"நான்தான் சார் எழுதனேன்" என்றாள் கல்பனா. "தெரியாம எழுதிட்டேன். அது பழைய அடி."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட எனக்குப் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

பின் கதவு பழைய சேதம் என்று அவள் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டார். "நான் பாத்ததைத்தான் எழுதுவேன்மா. பணம் குடுக்கறதும் குடுக்காததும் கம்பெனி முடிவு."

கம்பெனி உடனே முடிவு செய்யவில்லை. பொய்யாக ஏன் எழுதினீர்கள் என்று விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. அவள் பதில் எழுதினாள். அதிலும் என் பெயர் இல்லை. அனுமதி வராமல் வேலையைத் தொடங்க அவளிடம் வழியில்லை. வண்டி என் பட்டறையில் நாற்பது நாள் மூக்குடைந்து நின்றது. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கினால் அதன் முகத்தில்தான் முழிப்பேன். இருபதாவது நாளில் கேட்டுக்கு எதிரே வேறொருவன் நாஷ்டா வண்டி போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அப்போதும் வாயைத் திறந்தேனா என்றால், இல்லை.

கடைசியில் முன்பக்கச் சேதத்துக்கு மட்டும் அனுமதி வந்தது. வேலையை முடித்தேன். மாற்றிய சாமான்களைச் சரிபார்க்க வசந்தகுமார் மறுபடி வந்தார். பில்லையும் பழைய சாமானையும் பார்த்துப் போட்டோ எடுத்தார். கல்பனாவும் சாவிக்காக நின்றிருந்தாள். இன்றைக்கும் சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"சார், அன்னிக்கு அந்தக் கதவச் சேத்தது நான்தான். அவ பழைய அடின்னுதான் சொன்னா."

"தெரியும்" என்றார். "எஸ்டிமேட் உங்க கையெழுத்துதானே. அன்னிக்கு நான் உங்களைப் பாத்துதான் கேட்டேன். அப்பவே சொல்லியிருந்தா, பட்டறைக்காரர் சேத்ததுன்னு அதையும் ரிப்போர்ட்ல எழுதியிருப்பேன். அவங்களுக்கு இவ்ளோ நாள் ஆகாம இருந்திருக்கலாம்."

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கல்பனா, அந்தப் பின் கதவ நான் சும்மாவே சரி பண்ணித் தரேன். அரை நாள் வேலைதான்" என்றேன்.

"வேணாம். இருக்கட்டும்" என்றாள். "அன்னிக்கு நீ ஏதாச்சும் பேசுவேன்னு எதிர்பாத்துக்கினே இருந்தேன்."

சாவியை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முதல் திருகிலேயே வண்டி கிளம்பியது.

"வரேன் மேஸ்திரி" என்றாள்.