கடையில்லாத கடைக்காரி

என் தங்கை மேசை விளக்கு விற்கிறாள். வீட்டில் ஒரு விளக்குகூடக் கிடையாது. இணையக் கடையில் ஆர்டர் வந்ததும் சப்ளையருக்குச் சொல்வாள். அவர் கிடங்கிலிருந்து பொருள் நேராக வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடும். "கடையில்லாத கடைக்காரி" என்று நான்தான் கேலி செய்வேன்.

இதில் பாதிக்குப் பாதி லாபம் என்று சிலர் அளந்து விடுகிறார்கள். நூறு ரூபாய்க்கு விற்றால் சப்ளையருக்கு ஐம்பது, விளம்பரத்துக்கு முப்பது, பணம் வசூலித்துத் தரும் நிறுவனத்துக்கு மூன்று, உடைந்து திரும்புவதற்குப் பத்து. கையில் நிற்பது ஏழு.

போன மாதம் சப்ளையர் மூன்று வாரம் இழுத்தடித்தார். நாற்பத்தொரு பேர் திட்டித் தீர்த்தார்கள்.

"போனை அணைச்சு வையேன்," என்றேன். முறைத்துவிட்டு ஒவ்வொருவரையும் அவளே அழைத்தாள்.

"சரக்கு என்கிட்ட இல்லைங்க, சப்ளையர் லேட் பண்றார். காத்திருக்கீங்களா, பணத்தைத் திருப்பித் தரட்டுமா?"

இருபத்தாறு பேர் பணம் கேட்டார்கள். அன்றே கைக்காசைப் போட்டு அனுப்பினாள். பிறகு, கடைப் பக்கத்தில் 'மூன்று நாளில் வரும்' என்றிருந்ததை 'இருபது நாள் ஆகும்' என்று மாற்றினாள்.

"இனி யாரு வாங்குவா?"

"தெரிஞ்சு வாங்குறவங்க வாங்கட்டும்ணே."

நேற்று ஒருவர், என் தங்கை என்ன செய்கிறாள் என்று விசாரித்தார்.

"கடை வச்சிருக்கா," என்றேன்.