இரண்டு கரையும் ஒன்றல்ல

அன்று காலை பத்து ஐம்பதுக்கு என் மகளின் போனில் ஏதோ வெடித்தது.

"அம்மா, பிள்ளையார்பாளையம் வந்துட்டேன். தறி வீட்டு வாசல்ல இருக்கேன். உள்ள யாரோ பெட்டியைக் கழட்டி வச்சிட்டு வேற எதையோ மாட்டிக்கினு இருக்காங்க போல. அண்ணா, அதைத் தொடாதீங்க, அண்ணா..." அவ்வளவுதான் கேட்டது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம், ஒரு பெண்ணின் கூச்சல், "புகை, புகை" என்று யாரோ கத்துவது, போன் தரையில் விழும் ஓசை. இணைப்பு அறுந்துவிட்டது.

நான் திரும்பத் திரும்ப அழைத்தேன். மணி அடித்தது, எடுப்பார் இல்லை. அடுப்பை அணைத்தேனா என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. தெருமுனையில் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் காலில் இரண்டு வேறு செருப்புகள் இருப்பதைப் பார்த்தேன்.

நான் வீட்டிலிருந்தபடி மொழிபெயர்க்கிறவள். மிக்ஸி கையேடு, மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், இப்படி, எழுதியவர் பெயரை யாரும் தேடாத எழுத்து. மகள் டிப்ளமோ முடித்து, முசரவாக்கம் பக்கத்தில் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தறியின் மேலே உட்கார்ந்துகொண்டு, நீளவாக்கில் ஓடும் பாவு நூல்களில் எதைத் தூக்குவது என்று காந்தங்களால் முடிவு செய்யும் மின்னணு ஜக்கார்டுக்கு அங்கே மின்சாரப் பெட்டி செய்கிறார்கள். சுவரில் மாட்டும் பெட்டி. வீட்டு மின்சாரம் ஒரு பக்கம் உள்ளே போகும். காந்தங்களுக்கு வேண்டிய குறைந்த மின்சாரம் மறுபக்கம் வெளியே வரும். அதன் டேட்டா ஷீட்டும், பெட்டியின் மேல் ஒட்டும் விவரத் தகடும் தமிழில் இருந்தால் நெசவாளர்களே படித்துக்கொள்வார்கள் என்று முதலாளியிடம் சொன்னவள் அவள்தான். "எங்க அம்மாவே பண்ணித் தருவாங்க சார்" என்றும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

முதலாளிக்கு எல்லாமே தமிழாக வேண்டும் என்று ஆசை. 'V' எதற்கு, 'வோ' என்று போடலாமே. ± என்பதை 'ஏறக்குறைய' என்று எழுதினால் என்ன என்று கேட்டு அனுப்பினார். நான் முடியாது என்றேன். சொற்களைத்தான் மாற்றலாம். எண், அலகு, குறி மூன்றையும் வந்தபடியே விட வேண்டும். 230 V ±10 % என்றால் 207க்கும் 253க்கும் நடுவில் என்று பொருள். 'ஏறக்குறைய' என்றால் அவரவர் மனசு. மீட்டரைத் திருப்பினால் அதன் முகத்திலும் இதே குறிகள்தான் இருக்கும். வேலை செய்கிறவர் தகட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்ப்பார். இரண்டிலும் ஒரே குறி இருந்தால்தான் அவருக்குப் பிடி கிடைக்கும்.

"சாம்பாருக்கு உப்பு மட்டும் கண்ணளவு, இங்க ஒரு கோட்டுக்கு இவ்ளோ சண்டையா?" என்று மகள் என்னைக் கேலி செய்தாள். ஆனால் முதலாளியிடம் எனக்காக வாதாடி ஜெயித்தவளும் அவள்தான்.

கடைசியில் தகட்டுக்கு இரண்டே வரி தந்தேன்.

உள்ளீடு: 230 V ~ ±10 %, 50 Hz, 1.6 A
வெளியீடு: 24 V ⎓ ±5 %, 10 A

அலைபோல வளைந்த குறி மாறுதிசை மின்னோட்டம், அதாவது ஏசி. வீட்டுச் சுவரிலிருந்து வருவது. நேர்க்கோடும் அதன் கீழே விட்டுவிட்டு ஒரு கோடும் போட்ட குறி நேர்திசை மின்னோட்டம், டீசி. காந்தங்களுக்குப் போவது. அச்சு மாதிரியைப் போனில் பார்த்து, சரி என்று சொன்னதும் நான்தான்.

ஆட்டோ பட்டுக்கடைகள் இருக்கும் தெருவில் மாட்டிக்கொண்டது. கல்யாணப் புடவை எடுக்க வந்த வேன்கள் இரண்டு பக்கமும் நின்றன. முதலில் என் குழந்தையின் கைதான் கண்முன் வந்தது. அதன் பின்னாலேயே அந்த இரண்டு வரியும் வந்தன. நான் எதையாவது மாற்றிப் போட்டுவிட்டேனா? சரி என்று சொன்னபோது கண்ணாடி போட்டிருந்தேனா? டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாமா, ஆஸ்பத்திரிக்கா?" என்றார். "தெரியலப்பா" என்றேன். அதற்கப்புறம் அவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை.

மகள் தறிக்குழியின் விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் கரி, கையில் உடைந்த போன். நான் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன்.

"ஒண்ணும் ஆகலமா. வெடிச்சதுமே மெயினை ஆஃப் பண்ணிட்டேன். ஏம்மா, செருப்பு ரெண்டும் வேற வேற?"

அந்த வீட்டுப் பெண் என் வயதுக்காரி. குடம் தூக்கி நின்ற பக்கத்து வீட்டுக்காரரை வாசலிலேயே மறித்துக்கொண்டிருந்தாள். "தண்ணி ஊத்தறேன்னு எவனாச்சும் உள்ள வந்தா பாரு. புகை தானா போயிடும், பாவு நனைஞ்சா யாரு குடுப்பாங்க?"

நடந்தது இதுதான். காலையில் ஜக்கார்டில் நூலைத் தூக்கும் கொக்கிகள் சில எழும்பவில்லை. வீட்டுப் பெண் பட்டறைக்குப் போன் செய்தாள், மகள் கிளம்பினாள். மகள் வந்து சேர்வதற்குள் வீட்டுப் பெண் அவசரம் தாங்காமல் தெரு எலக்ட்ரீஷியனையும் கூப்பிட்டுவிட்டாள். அவர் தகட்டைப் படித்தார், வெளியீட்டில் மீட்டர் வைத்தார். மீட்டர் சுழியம் காட்டியது. பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்டி, அதைக் கழற்றி வைத்துவிட்டு, தன் கடையிலிருந்த 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைக் கொண்டுவந்து ஜக்கார்டுக்குக் கொடுத்தார். காந்தங்களை ஓட்டும் போர்டில் ஒரு கெபாசிட்டர் வெடித்தது.

"தகட்டுல போட்டுக்குது, நான் இன்னா பண்றது?" என்றார் எலக்ட்ரீஷியன். நடுத்தர வயது, சட்டையெல்லாம் வியர்வை. அவரும் பயந்துதான் போயிருந்தார். "தமிழ்ல எழுதி வச்சிக்கினு, அதையும் தப்பா எழுதி வச்சா?"

வீட்டுப் பெண் பட்டறைக்குச் சொல்லியிருந்ததால், அதற்குள் முதலாளி அவள் போனிலேயே மகளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். தமிழ்த் தகடு அவள் யோசனை, எழுதியது அவள் அம்மா. யார் தப்பு என்று தெரிகிறவரை வேலைக்கு வர வேண்டாம் என்றாராம். இதை மகள் என்னிடம் மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அவள் முதல் வேலை அது. சம்பளம் வாங்கியதும் எனக்கு வாங்கித் தந்த கண்ணாடியைத்தான் அப்போது போட்டிருந்தேன்.

கழற்றி வைத்த பெட்டியைச் சிரமப்பட்டுத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அலுமினியத் தகடு, அழகான எழுத்து. உள்ளீடு வரியில் ஓர் அலை. வெளியீடு வரியிலும் ஓர் அலை.

"இது நான் எழுதினது இல்ல" என்றேன். நான் ஒப்புக்கொண்ட மாதிரி என் போனிலேயே இருந்தது. அதில் இரண்டாம் வரியில் கோடும் விட்டுவிட்டுப் போட்ட கோடும் இருந்தன. அதைப் பெரிதாக்கி எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். அவர் தகட்டைப் பார்த்தார், போனைப் பார்த்தார், தன் மீட்டரைப் பார்த்தார்.

"அண்ணா, இதை டீசிக்குத் திருப்புங்க" என்றாள் மகள். அந்தப் பெட்டிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தாள். அவர் அலைக்குறியில் இருந்த குமிழை நேர்க்கோட்டுக்குத் திருப்பி, முனைகளை வைத்தார்.

24.1.

"அட, பெட்டி நல்லாத்தான்மா இருக்குது!" என்றார் அவர். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "அலை போட்டிருந்ததேனு ஏசில வச்சிப் பார்த்தேன். டீசி அதுல எப்படிக் காட்டும்? டீசி போவ வேண்டிய எடத்துல ஏசியை விட்டுட்டேனே!"

மகள் ஜக்கார்டின் மேலே ஏறிப் பார்த்தாள். காந்தங்களுக்குப் போகும் கேபிளின் சொருகி ஒரு பக்கம் தளர்ந்திருந்தது. காலையில் கொக்கி எழும்பாததற்குக் காரணம் அவ்வளவுதான். ஒரு விரலால் அழுத்திச் சரி செய்திருக்கலாம். அதைச் சொல்லாமல் இறங்கி வந்து, "போர்டு வேற மாட்டணும்கா. பட்டறையில இருக்குது, சாயந்திரம் நானே கொண்டாந்து மாட்டறேன்" என்று மட்டும் வீட்டுப் பெண்ணிடம் சொன்னாள். எலக்ட்ரீஷியனை விட்டுக்கொடுக்காத அந்த நிமிஷத்தில், என் பெண் எப்போது இப்படி வளர்ந்தாள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"சாயந்திரம் நீ வேலையில இருப்பியா பாப்பா?" என்றாள் வீட்டுப் பெண்.

என் போனை வாங்கி, இதே தகடு போன மற்ற வீடுகளுக்கெல்லாம் மகள் பேசினாள். "தகட்டைப் பார்த்து யாரும் எதையும் மாட்டாதீங்க, நான் வந்து மாத்தறேன்." அப்புறம் தகடு வெட்டியவரை அழைத்தாள். கோயில் டியூப்லைட்டுகளுக்கும் மணிகளுக்கும் 'உபயம்' என்று பெயர் வெட்டுகிறவர் அவர். அதற்கு முன்னால் புடவைக் கரைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர். "அண்ணா, ரெண்டாவது வரியில என்ன பண்ணீங்க?" என்று மட்டும் கேட்டாள். "வரேன் பாப்பா" என்றாராம்.

காத்திருந்தபோது வீட்டுப் பெண் எங்களுக்கு டீ கொடுத்தாள். எலக்ட்ரீஷியனுக்கு மட்டும் டம்ளரை நீட்டி, "இதையாச்சும் சரியாப் பார்த்து வாயில வை" என்றாள். அவர் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் குடித்தார். நான் வாங்கிய டீ என் புடவையில் சிந்தியது. மகள் என் டம்ளரின் அடியைத் தன் கையால் தாங்கிக்கொண்டாள், நான் அவளுக்குச் சின்ன வயதில் பிடித்ததுபோல.

மொபெட் சத்தம் கேட்டது. தகடு வெட்டுகிறவர் வந்தார். நெற்றியில் விபூதி, தோளில் ரெக்சின் பை. உள்ளே வந்ததும் நேராக மகளிடம் போய், "கையைக் காட்டு" என்றார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டார்.

"மேல் வரியில அலை, கீழ் வரியில கோடு. ஜோடி சேராம கண்ணை உறுத்திச்சுமா" என்று என்னிடம் சொன்னார். "கரைன்னா ரெண்டு பக்கமும் ஒத்துப் போவணும்னுதான் நான் கத்துக்கினேன். மாதிரியில ஏதோ பிசகுன்னு நெனச்சி நானே சரி பண்ணிட்டேன். உங்க ஓனருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், கை வச்சவன் நான், அம்மா பொண்ணு ரெண்டு பேர் மேலயும் ஒண்ணும் இல்லன்னு. சாயந்திரம் போர்டு எடுக்க உன்னை வரச் சொன்னார், பாப்பா."

மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கன்னத்துக் கரி என் ரவிக்கையில் ஒட்டியது.

வீட்டுப் பெண் தறியில் சுற்றியிருந்த புடவையைக் கொஞ்சம் பிரித்து அவருக்குக் காட்டினாள். ஒரு கரை பச்சை, மறு கரை அரக்கு, வேண்டுமென்றே இரண்டையும் வேறு வேறாக நெய்யும் வகை. "இதையும் சரி பண்ணிட்டுப் போறதுதானே?"

அவர் குனிந்து இரண்டு கரையையும் விரலால் தடவிப் பார்த்தார். பையிலிருந்து புதிதாக வெட்டிய தகட்டை எடுத்து, அலை மேலேயும் கோடு கீழேயுமாக என் கையில் வைத்தார்.

"கங்கா ஜமுனா கரைன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் விட்டிருப்பேனேமா."