செம்பு சேர்ந்த உடம்பு

சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தால் என் தம்பிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. சுதந்திரம் வந்த மறு வருஷம் அது; அவனுக்குப் பத்தொன்பது வயது. பேச்சும் குழறியது. சாவு வீட்டில் சிரித்தான். கோபம் வந்தால் தட்டை வீசினான். கள் குடிக்கிறான் என்று முடிவுகட்டி, அப்பா அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நான் நம்பவில்லை. ரயிலேற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் தம்பியிடம் கைகளைத் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொன்னார். அவை சிறகுபோல் அடித்துக்கொண்டன.

"அக்கா, பறக்கப் போறேன்," என்றான். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்த டாக்டர், துள்ளாத குறையாக மாணவர்களைக் கூப்பிட்டார். கருவிழியின் ஓரத்தைச் சுற்றிப் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம் இருந்தது.

"இது குடியில்லம்மா. ஈரலும் மூளையோட உள்ளாழமும் கெட்டுப்போற வியாதி. அங்க செம்பு சேருதுன்னு சொல்றாங்க. மருந்து இன்னும் கண்டுபிடிக்கல."

மருந்து இல்லை என்றது காதில் ஏறவேயில்லை. குடியில்லை என்றது தலைக்கேறிவிட்டது. திரும்பும் ரயிலில், "நான் குடிகாரன் இல்லக்கா, செப்புக் குடம்," என்று அவன் குழற, நாங்கள் சிரித்த சிரிப்பில் எதிரே இருந்தவர்கள் எங்கள் இரண்டு பேரையும் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னதும், "முன்னாடியே சொல்றதுக்கு என்னடா?" என்று தம்பியிடம் கேட்டார் அப்பா.

"சொல்லிக்கினுதான் இருந்தேன். நீதான் பேசலையே, நைனா."

அப்பாவும் சிரித்துவிட்டார். அதன்பின் அவரே சோறு ஊட்டினார். அடுத்த வருஷம் வயிறு வீங்கித் தம்பி இறந்தான். அதுவரைக்கும் ஊட்டும் விரலை வேண்டுமென்றே கடித்துச் சிரிப்பான். அப்பா வலிக்காததுபோல் அடுத்த கவளத்தை உருட்டுவார்.