நாற்பது கிலோவில் இருந்த தண்ணீர்

பக்கிரிசாமி கணக்குப் போட்டால் தப்பு வராது. அதுதான் அந்த மனிதரைப் பிடித்த சனியன். தப்பாகக் கணக்குப் போடுகிறவன் எங்காவது ஓரிடத்தில் தன்னையே சந்தேகப்படுவான். இவருக்கு அந்த வழக்கமே கிடையாது.

கிள்ளான் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் வண்டி ஓட்டியவர். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டு வந்தபின், பண்டமாரான் அடுக்குமாடி வீட்டில் அவருக்கென்று ஒரு வேலையும் இல்லை. மனைவி சீதாலெட்சுமிக்கு இருந்தது. வர மிளகாய் வாங்கிக் காம்பு கிள்ளி, காயவைத்து, மில்லில் அரைத்து விற்பாள். கடைப்பொடி பிடிக்காத பத்துப் பதினைந்து குடும்பங்கள் வாங்கின. அவற்றையெல்லாம்விடப் பெரிய வாடிக்கை அவளுடைய தங்கை வாணி. பிரிக்பீல்ட்ஸில் சோற்றுக்கடை வைத்திருந்தாள். கணவர் போனபின் மூன்று பிள்ளைகளையும் அந்தக் கடையை வைத்தே கரையேற்றினாள். விசேஷங்களுக்குச் சமைத்தும் கொடுப்பாள். அக்கா அரைத்த பொடியைத் தவிர வேறு பொடி அவள் அடுப்படிக்குள் போனதில்லை.

வேலை போனபின் பக்கிரிசாமி இதில் தலையிட்டார். முதலில் நல்லதுதான் செய்தார், இல்லையென்று சொல்லக்கூடாது. "இவ்வளவு பாடுபட்டு என்னத்துக்கு, பாக்கெட் பொடி கிலோ பத்தொம்பது வெள்ளிதானே" என்று மருமகன் ஒருநாள் சொன்னபோது, மனிதர் தராசை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கிலோ மிளகாய் பதினேழு வெள்ளி. காம்பும் சொத்தையும் கிள்ளிப் போட்டால் எண்பது கிராம் போச்சு. வெயிலில் காய்ந்தால் எழுபது கிராம். மில்லில் ஒட்டுவது இருபது. மிஞ்சுவது எண்ணூற்று முப்பது கிராம் பொடி. அரைகூலி ஒன்றரை வெள்ளியையும் சேர்த்து, வெள்ளிக்கு நூறு சென் என்று வகுத்தால் கிராம் இரண்டேகால் சென்னுக்குக் கொஞ்சம் குறைவு. பாக்கெட் பொடி கிராம் ஒன்று புள்ளி ஒன்பது சென்தான். ஆனால் அதே காரமும் நிறமும் வர, நம் பொடி ஒரு கரண்டி போடுமிடத்தில் பாக்கெட் ஒன்றரைக் கரண்டி போட வேண்டும். அப்படிப் பார்த்தால் பாக்கெட் பொடிதான் விலை அதிகம், ஏறக்குறைய மூன்று சென்.

"பாத்தியா? குழம்புக்குள்ள போற கிராமுக்குத்தான்லா கணக்கு. பாக்கெட்டுல போட்டிருக்கற கிராமுக்கு இல்ல" என்றார். சீதாலெட்சுமிக்குப் பெருமை பிடிபடவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டாரா? அந்த எழுபது கிராம் அவர் தூக்கத்தைக் கெடுத்தது. காம்பு போவது நியாயம், அதை யாரும் தின்னப்போவதில்லை. மில்லில் ஒட்டுவதை ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சரக்கைக் கொண்டுபோய் மொட்டைமாடியில் கொட்டி, எடையை ஆகாயத்துக்குத் தாரை வார்ப்பதாவது! வாங்கும்போதே அது காய்ந்த மிளகாய்தானே, காய்ந்ததை எதற்கு இன்னும் காயவைக்க வேண்டும்? காயவைக்காமல் அரைத்தால் கிலோவுக்குத் தொள்ளாயிரம் கிராம் நிற்கும். கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் ஆராயார் என்று சும்மாவா சொன்னார்கள்.

சீதாலெட்சுமி வீட்டில் இருந்தவரை அவர் பாச்சா பலிக்கவில்லை. வெயில் இல்லாத நாளில்கூட அவள் இரும்புச் சட்டியில் சிறு தீயில் வைத்து, மிளகாய் கையில் நொறுங்கும்வரை வறுத்துத்தான் அரைக்க அனுப்புவாள். அரைத்து வந்த பொடியைச் சூடு ஆறும்வரை தாளில் பரப்பி வைப்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கு விளக்கத் தெரியாது. "கெட்டுப்போயிடும்" என்பாள். அவ்வளவுதான்.

தீபாவளிக்கு முந்தின மாதம் டெங்கிலில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. சீதாலெட்சுமி அங்கே போக வேண்டியதாயிற்று. அதே நேரத்தில்தான் வாணியின் ஆர்டர் வந்தது. நாற்பது கிலோ மிளகாய்ப்பொடி, அந்தப் பண்டிகைக் காலம் முழுவதற்கும். கிளம்பும்போது சீதாலெட்சுமி நான்கு தடவை சொன்னாள், காயவைத்து அரையுங்கள் என்று. பக்கிரிசாமி நான்கு தடவையும் தலையை ஆட்டினார்.

மிளகாய் வாங்கிய நாளிலிருந்து கிள்ளானில் மழை. சாயங்காலமானால் கொட்டியது, காலையில் மூடிக்கொண்டு நின்றது. அவருக்கு மனம் குளிர்ந்தது, சாக்குக் கிடைத்ததே என்று. சட்டியில் வறுக்க கேஸ் வேறு ஆகும். காம்பை மட்டும் கிள்ளி, மூட்டைகளைப் பழைய கஞ்சில் காரில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோனார்.

மில்லில் இருந்தவன் திருமுருகன், பெர்மிட்டில் வேலைக்கு வந்த தமிழ்நாட்டுப் பையன். ஒரு மிளகாயை எடுத்து வளைத்துப் பார்த்தான். அது ஒடியவில்லை, தோல்வார்போல வளைந்தது.

"அங்கிள், ஈரப்பதமா இருக்கு. சல்லடை அடைக்கும். காய வச்சு எடுத்துட்டு வாங்க, நான் நாளைக்கே அரைச்சுத் தரேன்."

"நீ அரை தம்பி. அரைகூலி தர்றது நான்தானே?"

அவன் அரைத்தான். மூன்று முறை நிறுத்திச் சல்லடையைத் தட்டினான். பொடி வழக்கத்தைவிடச் சூடாக வந்தது. அந்தச் சூட்டோடேயே பக்கிரிசாமி பைகளில் அமுக்கிக் கட்டி வாயை இறுக்கினார். பரப்பி வைத்தால் அதிலும் எடை பறக்கும் அல்லவா? இந்தப் புத்தியால் அவர் மிச்சம் பிடித்தது கிட்டத்தட்ட எழுபது வெள்ளி.

அன்றைக்கு டெங்கிலிலிருந்து போன் வந்தது.

"அரைச்சுட்டீங்களா? வெயில்ல போட்டீங்களா?"

"போட்டேன்லா" என்றார். எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்த வார்த்தை.

வாணி முதல் பையைப் பிரித்தபோது நன்றாகத்தான் இருந்தது. பத்து நாள் கழித்து இரண்டாவதைப் பிரித்தாள். பூஞ்சணம் ஒன்றும் கண்ணில் படவில்லை. பொடி மட்டும் கட்டி கட்டியாக இருந்தது, ஒருமாதிரி பழைய சாக்கு வாடை அடித்தது. மறுநாள் செராஸில் ஒரு நிச்சயதார்த்தம், இருநூறு பேருக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல். சந்தேகப்பட்டு அக்காவுக்குப் போன் போட்டாள். சீதாலெட்சுமி உடனே கணவரை அழைத்தாள்.

"வாணி என்னமோ வாடை வருதுங்கறா. நெசமா காய வச்சுத்தானே அரைச்சீங்க? இல்லைன்னா சொல்லிடுங்க, அவ வேற வாங்கிக்குவா. நாளைக்குப் பெரிய ஆர்டராம்."

சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்து வைத்து வா என்று கூப்பிட்டதுபோலத்தான் அவள் கேட்டாள். ஆனால் பக்கிரிசாமியின் மண்டைக்குள் தராசு ஆடியது. உண்மையைச் சொன்னால் மீதிப் பைகள் அத்தனையும் திரும்பி வரும், முதலே எழுநூறு வெள்ளிக்கு மேல். வாடைதானே, எண்ணெயில் போட்டால் போய்விடும் என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

"வெயில்லதான் போட்டேன். ரெண்டு நாள் போட்டேன். பை வாடையா இருக்கும்னு சொல்லு."

சீதாலெட்சுமி தங்கையிடம் சொன்னாள்: "நான் நல்லா கேட்டுட்டேன்டி. ரெண்டு நாள் காஞ்சதுதான். நீ தைரியமா போடு."

அக்கா சொல்லிவிட்டாள். வாணி போட்டாள்.

வாடை எண்ணெயில் போகவில்லை. சூடு ஏற ஏறத்தான் முழுசாக எழுந்தது. இறைச்சியெல்லாம் வெந்தபிறகு வாணி ருசி பார்த்தாள். நனைந்த துணியை மூட்டை கட்டி வைத்ததுபோல ஒரு நாற்றம் நாக்கின் அடியில் நின்றது. தயிரை ஊற்றினாள், தேங்காய்ப்பால் ஊற்றினாள், பட்டை கிராம்பைக் கூடப் போட்டாள். வேறு சமைக்க நேரமும் இல்லை, இறைச்சியும் இல்லை. செராஸ் மண்டபத்தில் இருநூறு இலையிலும் பிரட்டல் அப்படியே கிடந்தது. பெண்ணின் தகப்பனார் பரிமாறும் மேசைக்கு வந்து எல்லார் முன்னாலும் கேட்டார்: "கெட்டுப்போனத எங்களுக்குப் போடலாம்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

அன்று இரவே இலைகளின் படம் வாட்சப்பில் சுற்றியது. அந்த வாரத்திலேயே தீபாவளி ஆர்டர்கள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயின. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்தது.

சீதாலெட்சுமி டெங்கிலிலிருந்து நேராகப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனாள். பக்கிரிசாமியையும் வரச் சொல்லியிருந்தாள். கடையின் பின்கட்டில் பிரிக்காத பைகள் அடுக்கியிருந்தன. அவள் ஒன்றைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். ஒரு பிடி எடுத்து இறுக்கி, விரலைத் திறந்தாள். பொடி உதிரவில்லை. பிடித்த கொழுக்கட்டை மாதிரி உள்ளங்கையில் நின்றது. அடியில் சாம்பல் நிறத்தில் பூஞ்சண நூல் ஓடியிருந்தது.

அவள் அதை வைத்தபடியே கணவரைப் பார்த்தாள். "வெயில்ல போட்டீங்களா?"

மூன்றாவது தடவை. வாணி கதவோரம் நின்றாள்.

"மழைலா..." என்றார் பக்கிரிசாமி. பிறகு, இது எடுபடாது என்று தெரிந்து, தன்னிடம் இருந்த ஒரே நியாயத்தையும் சொன்னார். "தண்ணிக்கும் சேத்துத்தானே நாம காசு குடுத்தோம்."

வெளியே கடையில் ஒரு மேசையிலும் ஆள் இல்லை.

"அக்கா, எனக்கு வாடை தெரிஞ்சுச்சு" என்றாள் வாணி. குரல் உயரவே இல்லை. "என் மூக்கு சொன்னத நான் நம்பல. நீ சொன்னத நம்பினேன்."

சீதாலெட்சுமி வாயைத் திறந்தாள். நான் இல்லை, அவர்தான் என்று சொல்ல வந்திருப்பாள். ஆனால் தைரியமாகப் போடு என்று சொன்னது அவள் வாய்தானே. கையிலிருந்த உருண்டையைப் பைக்குள் போட்டுவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடக் குடித்தனத்தில் அவள் அழுது பக்கிரிசாமி பார்த்திருக்கிறார். அன்றைக்கு அவள் அழவில்லை.

வாணி கடையை மூடவில்லை, மூடினால் சாப்பாடு ஏது? பகல் சோறு மட்டும் போடுகிறாள். பாக்கெட் பொடி வாங்குகிறாள். ஒருநாள் பக்கிரிசாமி வெட்கத்தை விட்டு அங்கே போய், கரண்டிக் கணக்கை மறுபடி எடுத்தார், கிராமுக்கு ஏறக்குறைய மூன்று சென் ஆகுமே என்று. "தெரியும் அத்தான். பரவால்ல" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சீதாலெட்சுமி விற்பதற்கு அரைப்பதை விட்டுவிட்டாள். கேட்டு வரும் பழைய வாடிக்கைக்காரர்களிடம் உடம்பு முடியவில்லை என்கிறாள். கணவரை ஒரு சொல் திட்டவில்லை. வேளாவேளைக்குச் சோறு போடுகிறாள், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறாள், பேத்தியின் படம் வந்தால் காட்டுகிறாள். பெண்டாட்டி கோபம் தணிந்துவிட்டது என்று பக்கிரிசாமியும் ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

ஒரு சாயங்காலம் அவரே தேநீர் போட்டு இரண்டு கோப்பையில் கொண்டுவந்து வைத்தார். டிவி பார்த்துக்கொண்டிருந்தவள் கோப்பையை எடுத்துக்கொண்டு கேட்டாள், "அடுப்ப அணைச்சீங்களா?"

"அணைச்சிட்டேன்" என்றார். அணைத்துத்தான் இருந்தார்.

சீதாலெட்சுமி கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.